தாளில் வெட்டும் படம்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் ராஜகீழ்ப்பாக்கத்தைத் தாண்டினால் செம்பாக்கம் வரும். அங்கே ஏறக்குறைய நூறு ஏக்கரில் ஒரு ஏரி இருக்கிறது. சிட்லபாக்கம் பக்கத்து மிகைநீர் இதற்குள் வருகிறது. இது நிரம்பினால் கலங்கல் வழியாக நன்மங்கலம் ஏரிக்குப் போய், இன்னும் சில ஏரிகளைக் கடந்து, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கிறது. ஒரு காலத்தில் இதன் கீழே நெல் விளைந்தது. பிறகு வயல் மனையானது, ஏரிக்குள் கழிவுநீர் வந்தது. தி நேச்சர் கன்சர்வன்சியும் கேர் எர்த் டிரஸ்ட்டும் இதன் சீரமைப்பில் இறங்கின. 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது செம்பாக்கம் நகராட்சியும் அதில் கலந்தது.

இந்த ஏரியைப் பற்றிப் பத்து நிமிட ஆவணப்படம் ஒன்று எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு பேரிடம் பேட்டி எடுத்தாயிற்று. ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த பெரியவர் ஒருவர், மனை வாங்கி வீடு கட்டிய ஓய்வுபெற்ற அரசு ஊழியர், 2015 வெள்ளத்தில் தரைத்தள வீட்டில் மாட்டிக்கொண்ட ஓர் அம்மா, கரையில் மாடு மேய்த்த ஓர் அக்கா, நீர்நிலைப் பொறியாளர் ஒருவர், காலையில் வந்து பறவை பார்க்கும் கல்லூரி மாணவி. இந்த ஆட்களும் அவர்கள் பேச்சும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஏரியும், அது போகும் வழியும், அந்த வருடத்து மழையும் நிஜம்.

ஆளுக்கு 40 நிமிடம் என்றால் மொத்தம் 4 மணி நேரப் பேச்சு கையில் இருக்கிறது. இதிலிருந்து ஆறேழு நிமிடப் பேச்சை எடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் உடனே எடிட்டிங் மென்பொருளைத் திறந்து, எல்லா ரஷ்ஷையும் டைம்லைனில் கொட்டி, முதலிலிருந்து ஓடவிட்டு, நன்றாக இருப்பதை வைத்து மற்றதை வெட்டத் தொடங்குவார்கள். இரண்டு நாளில் 4 மணி நேரம் 50 நிமிடமாகச் சுருங்கும். அதற்குப் பிறகு சுருங்காது. ஒவ்வொரு பைட்டும் நன்றாகத்தான் இருக்கும். எதை எடுப்பது என்று தெரியாது, எது எதற்குப் பிறகு வர வேண்டும் என்பதும் தெரியாது.

இந்த முட்டுக்கட்டைக்குக் காரணம் சோம்பலோ அனுபவக் குறைவோ அல்ல. ஒலி காலத்தில் வரிசையாக ஓடுவது. ஒரு பைட்டைக் கேட்கும்போது இன்னொன்றைக் கேட்க முடியாது. இரண்டையும் ஒப்பிட வேண்டுமென்றால் ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு மற்றதைத் தேடிப் போக வேண்டும். மனித மனம் ஒரே நேரத்தில் கையில் பிடித்திருக்கக்கூடியது ஏறக்குறைய நான்கு விஷயங்கள்தான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் பல சோதனைகளைத் தொகுத்து வாதிட்டார். எழுபது பைட்டுகளைக் காதால் மட்டும் கேட்டு வரிசைப்படுத்த முயல்பவர், எந்த நேரத்திலும் அவற்றில் மூன்று நான்கைத்தான் உண்மையில் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மற்றவை மறந்துபோனவை, அல்லது அரைகுறையாக நினைவிருப்பவை. எழுத்தில் அப்படி இல்லை. எழுபது துண்டுச் சீட்டுகளை மேசையில் பரப்பினால் எழுபதும் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன.

இதைத்தான் பேப்பர் எடிட் என்கிறார்கள். பேட்டிகளை எழுத்தாக்கி, அந்த எழுத்தில் படத்தை முழுதாக வெட்டி ஒட்டி முடித்துவிட்டு, அதன் பிறகே டைம்லைனுக்குப் போவது. சாதாரண மக்கள் கேமராவைப் பார்த்துத் தங்கள் வாயாலேயே பேசிய ஆரம்பப் படங்களில் ஒன்று, 1935இல் லண்டனின் ஸ்டெப்னி குடிசைப் பகுதியில் எடுக்கப்பட்ட ‘ஹவுசிங் பிராப்ளம்ஸ்’. அது கால் மணி நேரப் படம்தான். பேச்சு மட்டுமே படமாகும்போது அளவு எப்படிப் பெருகும் என்பதை அரை நூற்றாண்டு கழித்து வந்த ‘ஷோவா’ காட்டியது. யூத இனப்படுகொலையில் தப்பியவர்களையும் அதைச் செய்தவர்களையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களையும் குளோது லான்ஸ்மான் பல ஆண்டுகள் தேடித் தேடிப் பேட்டி எடுத்தார். கையில் சேர்ந்தது 200 மணி நேரத்துக்கும் மேல். பல மொழிகள், நடுவில் மொழிபெயர்ப்பாளர்கள். பேட்டிகள் தட்டச்சுப் பிரதிகளாயின. படத்தொகுப்பாளர் ஸீவா போஸ்டெக் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் உட்கார்ந்தார். 1985இல் வெளிவந்த படம் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டுகிறது. அத்தனை பேச்சையும் எழுத்தில் வைத்துக்கொள்ளாமல் இப்படி ஒரு கட்டுமானத்தை யாராலும் நினைவிலிருந்து எழுப்பியிருக்க முடியாது.

நம் ஏரிப் படத்துக்கு வருவோம். முதல் வேலை எழுத்துப் பிரதி. ஒரு மணி நேரப் பேச்சை ஒழுங்காக எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். ஆகவே 4 மணி நேரத்துக்கு இரண்டு மூன்று நாள் போய்விடும். இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க நினைத்தால் பிறகு எல்லா இடத்திலும் அடி விழும். ஒவ்வொரு பதிலின் தொடக்கத்திலும், பதில் நீளமானால் அரை நிமிடத்துக்கு ஒரு முறையும், ஃபைல் பெயரும் டைம்கோடும் எழுத வேண்டும். டைம்கோடு என்பது மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் என்ற நான்கு எண்கள். நம்மூரில் விநாடிக்கு 25 ஃபிரேம் வழக்கம். தாளில் விநாடி வரை போதும். பல கேமராக்களில் ஒவ்வொரு கிளிப்பும் பூஜ்யத்திலிருந்து தொடங்குமாறு அமைத்திருப்பார்கள். அப்போது ஃபைல் பெயர் இல்லாத டைம்கோடால் பயன் இல்லை. `C0003` என்பதோடு சேர்த்து எழுதினால்தான் 00:11:20 என்பது பெரியவருடைய பன்னிரண்டாவது நிமிடம் என்று தெரியும். கைபேசியில் எடுத்த பேட்டி என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. பல கைபேசிகள் ஃபிரேம் வேகத்தைத் தாமே கூட்டிக் குறைக்கும். அதை அப்படியே வைத்து எழுதினால், பிறகு எடிட்டில் ஒலியும் படமும் விலகும், எழுதிய எண்களும் பொருந்தாமல் போகலாம். எழுதுவதற்கு முன்பே அதை நிலையான 25 ஃபிரேம் கோப்பாக மாற்றிவிட்டு, அந்தக் கோப்பிலிருந்துதான் எழுத வேண்டும்.

எழுதுபவர் செய்யும் மிகப் பெரிய உதவி, மிகப் பெரிய கெடுதல், இரண்டும் ஒன்றுதான். பேச்சைத் திருத்தி எழுதுவது. பெரியவர் “கலங்கல்ல தண்ணி போவும்போது சத்தம் வூட்டு வரைக்கும் கேக்கும்” என்று சொன்னதை “கலங்கலில் நீர் போகும்போது வீடு வரை சத்தம் கேட்கும்” என்று எழுதிவிட்டால் படிக்க அழகாக இருக்கும். ஆனால் அதை வைத்துப் படத்தை வெட்ட முடியாது. தாளில் இருக்கும் வாக்கியம் ஒலியில் இல்லை. எங்கே மூச்சு விட்டார், எங்கே ஒரே சொல்லை இரண்டு முறை சொன்னார், எங்கே ‘வந்து, வந்து’ என்று இழுத்தார் என்பதெல்லாம்தான் வெட்டும் இடங்களைத் தீர்மானிக்கின்றன.

தமிழ்ப் பேட்டிகளில் இது கூடுதல் முக்கியம். ஆங்கிலக் கையேடுகள் இதைச் சொல்லித் தராது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. நடந்ததா இல்லையா, தானே பார்த்ததா பிறர் சொன்னதா என்பதெல்லாம் அந்தக் கடைசி அசைகளில்தான் இருக்கிறது. மாடு மேய்த்த அக்கா இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “மழை வர்றதுக்கு முன்னாடியே கலங்கலை யாரோ சாக்குமூட்டை வச்சு அடைச்சுட்டாங்கன்னு பேசிக்கிட்டாங்க.” கடைசி இரண்டு சொற்களையும் அவர் வேகமாக, குரலைத் தாழ்த்திச் சொல்வார். டைம்லைனில் ஒலி அலையைப் பார்த்து வெட்டுபவருக்கு ‘அடைச்சுட்டாங்க’ என்பதோடு முடித்துக்கொள்வது கைக்கு வசதியான வெட்டு. மூன்று ஃபிரேம் ஃபேட் கொடுத்தால் யாருக்கும் தெரியாது. ஊர்ப் பேச்சாக இருந்தது ஒரு நொடியில் நேரில் கண்ட சாட்சியாகிவிடும், யார் மீதோ குற்றச்சாட்டாகவும் ஆகிவிடும். அக்கா அப்படிச் சொல்லவே இல்லை. தாளில் வாக்கியம் முழுதாகக் கண்ணுக்கு முன்னால் இருப்பதால் இந்தத் தவறு அங்கே உறுத்தும். சொன்னது சொன்னபடி எழுதப்பட்டிருந்தால் மட்டுமே உறுத்தும்.

இன்னொரு தொல்லை எழுவாய். நாம் அதை விட்டுவிட்டுப் பேசுவோம். “தண்ணி எப்ப வீட்டுக்குள்ள வந்துச்சும்மா?” என்று கேட்டால் “ஒன்பது, ஒன்பதரைக்கு வந்துச்சு” என்று பதில் வரும். கேள்வி படத்தில் இருக்காது. பதில் தனியாக நின்றால் வந்தது பாம்பா, விருந்தாளியா, தண்ணீரா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. எழுத்துப் பிரதியில் இதுபோன்ற பைட்டுகள் பக்கத்துக்குப் பத்து இருக்கும். கேள்வியும் கூடவே எழுதப்பட்டிருப்பதால் படிக்கும்போது நமக்குப் புரிந்துவிடும், அதனாலேயே ஏமாந்துபோவோம். கேள்வி வரிகளை ஒரு தாளால் மறைத்துவிட்டுப் பதில்களை மட்டும் படித்துப் பார்ப்பது நல்ல வழக்கம். தனியாக நிற்காத பதிலின் ஓரத்தில் ஒரு சுழி போட்டுவிடலாம்.

தாளுக்குக் காது கிடையாது. அதனால் கேட்டு எழுதும்போதே சில குறிகளை இட்டுவிட வேண்டும். தமிழில் ‘போயி, பார்த்து, தூக்கிட்டு’ என்று வினையெச்சங்களாக அடுக்கிக்கொண்டே போகும்போது ஒவ்வொன்றின் முடிவிலும் குரல் மேலே ஏறி நிற்கும். அடுத்து ஏதோ வரப்போகிறது என்று கேட்பவருக்கு அறிவிக்கும் ஏற்றம் அது. தாளில் அந்த இடத்தில் காற்புள்ளி இருக்கும், நாம் அதை முற்றுப்புள்ளி ஆக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஒலியில் அந்த வெட்டு படியிலிருந்து கால் தவறியதுபோல் கேட்கும். ஆகவே குரல் ஏறி நிற்கும் இடத்தில் ஒரு மேல் அம்பு, இறங்கி முடியும் இடத்தில் ஒரு கீழ் அம்பு. கீழ் அம்பு உள்ள இடங்கள் மட்டுமே பைட் முடியக்கூடிய இடங்கள். பின்னணி ஓசையையும் எழுத வேண்டும். தாம்பரத்தில் விமானப்படைத் தளம், பக்கத்திலேயே சென்னை விமான நிலையம். கரையில் உட்கார்ந்து எடுத்த எந்தப் பேட்டியிலும் விமானம் ஒன்றாவது கடந்திருக்கும். அது ஏறிக்கொண்டிருக்கும்போது வெட்டினால் அடுத்த பைட்டில் விமானம் சட்டென்று வானத்திலிருந்து காணாமல் போய்விடும். பிரதியில் ‘விமானம், 00:14:05 முதல் 00:14:40’ என்று ஒரு வரி இருந்தால் அந்த முப்பத்தைந்து விநாடிக்குள் இருக்கும் அழகான வாக்கியத்தின் மேல் ஆசை வைக்காமல் தப்பிக்கலாம்.

பிரதி முடிந்ததும் படிக்க வேண்டும். முதல் முறை பேனா இல்லாமல் படிப்பது எனக்குப் பிடிக்கும். இரண்டாம் முறை கோடு போட்டு, பைட்டுகளைத் துண்டுச் சீட்டுகளாக வெட்டி எடுக்கலாம். ஆளுக்கு ஒரு நிறத் தாள் வைத்தால், ஒரே ஆள் நான்கு பைட்டுகளாக அடுத்தடுத்துப் பேசிக்கொண்டிருப்பது தூரத்திலிருந்தே தெரியும். ஒவ்வொரு சீட்டிலும் ஃபைல் பெயர், தொடக்க முடிவு டைம்கோடு, முதல் மூன்று சொல், கடைசி மூன்று சொல், விநாடிக் கணக்கு, இந்தப் பைட் என்ன செய்கிறது என்று ஒரே வரி. கடைசி வரிதான் உண்மையான உழைப்பு. ‘வெள்ளம் பற்றி’ என்று எழுதினால் பயனில்லை. ‘தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்கிறார்’ என்று எழுத வேண்டும். அந்த வரியை எழுத முடியாத பைட்டுகள் சில இருக்கும், கேட்கும்போது மனதை அள்ளியவையாகவும் இருக்கும். அவற்றைத் தனி உறையில் போட்டு வைக்கலாம். பெரும்பாலும் அவை படத்துக்குள் வராது.

கணக்கு சிறியது. பத்து நிமிடம் 600 விநாடி. மூன்றில் ஒரு பங்கு ஏரி, கால்வாய், தெரு, மௌனம் ஆகியவற்றுக்கு வேண்டும். மிஞ்சுவது 400 விநாடி. ஒரு பைட் சராசரி 14 விநாடி என்றால் 28 பைட்டுகள். கையில் எழுபது சீட்டு, அவற்றின் கூட்டு நீளம் பதினாறு நிமிடத்துக்கும் மேல். டைம்கோடு இருப்பதால் முழு பைட்டின் நீளம் உடனே தெரிந்துவிடும். ஒரு பைட்டின் நடுவிலிருந்து இரண்டு வாக்கியம் மட்டும் வேண்டும் என்னும்போதுதான் சொற்களை எண்ணிக் கணிக்க வேண்டியிருக்கும். ஆங்கிலத்துக்கு நிமிடத்துக்கு 150 சொல் என்று ஒரு தோராயம் சொல்வார்கள். அதைத் தமிழுக்கு வைத்துக்கொள்ள முடியாது. ‘அடைச்சுட்டாங்கன்னு’ என்ற ஒரு சொல்லுக்குள் ஆங்கிலத்தின் நான்கைந்து சொற்கள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொருவரின் பேட்டியிலும் ஒரு நிமிடத்தை எடுத்துச் சொற்களை எண்ணி வைத்துக்கொள்வதே வழி. பெரியவர் நிமிடத்துக்கு 70 சொல் பேசுகிறார், வெள்ளத்தில் மாட்டிய அம்மா 130 சொல் பேசுகிறார் என்று வையுங்கள். தாளில் ஒரே நீளமாகத் தெரியும் 70 சொல் பத்தி, பெரியவர் வாயில் ஒரு நிமிடம், அம்மா வாயில் 32 விநாடி. இதைக் கவனிக்காதவர் தாளில் பத்து நிமிடப் படம் எழுதிவிட்டு டைம்லைனில் பதினாலு நிமிடத்தில் போய் நிற்பார்.

இனி வரிசை. யாருக்கும் முதலில் தோன்றுவது கால வரிசை. பெரியவரின் நெல், பிறகு மனை, பிறகு வெள்ளம், பிறகு சீரமைப்பு. சீட்டுகளை அப்படி அடுக்கிப் பார்த்தால் கோளாறு உடனே தெரியும். வெள்ளம் ஐந்தாவது நிமிடத்தில்தான் வருகிறது. அதற்கு முன் வரும் பதினான்கு சீட்டுகளும் பழைய ஞாபகம். ‘அந்தக் காலத்தில் எப்படி இருந்தது தெரியுமா’ என்பதை நான்கு நிமிடம் கேட்கப் பொறுமை உள்ள பார்வையாளர் குறைவு. அடுத்து தலைப்பு வாரியாக அடுக்கிப் பார்க்கலாம்: கழிவுநீர் பற்றி எல்லாரும், பறவைகள் பற்றி எல்லாரும். இதில் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள். ஒரு பைட்டை எடுத்தாலும் போட்டாலும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இல்லாத இடத்தில் கதையும் இருக்காது.

வரிசை வெறும் அழகு சார்ந்தது அல்ல என்பதற்கு 1946இல் சாலமன் ஆஷ் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு மனிதரைப் பற்றி ஆறு அடைமொழிகளை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினார். ஒரு குழுவுக்குப் புத்திசாலி, உழைப்பாளி என்று தொடங்கிப் பிடிவாதக்காரர், பொறாமைக்காரர் என்று முடிந்தது. இன்னொரு குழுவுக்கு அதே ஆறும் தலைகீழாக. முதல் குழுவுக்கு அவர் குறைகள் உள்ள திறமைசாலியாகத் தெரிந்தார். மற்றக் குழுவின் மனதில் அதைவிட மோசமான ஆளாகப் பதிந்தார். முதலில் கேட்டது பின்னால் வருவதன் பொருளை மாற்றிவிடுகிறது. ஓய்வுபெற்றவர் “இங்க மனை வாங்கும்போது மழைத்தண்ணி இந்தப் பக்கமா போவும்னு யாரும் சொல்லல சார்” என்கிறார். இந்தப் பைட் அம்மாவின் வெள்ளக் கதைக்குப் பின்னால் வந்தால் அது ஏமாற்றப்பட்டவரின் குரல். பெரியவரின் “மழைன்னா இந்த வழியாத்தான் தண்ணி ஓடும், சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும்” என்பதற்குப் பின்னால் வந்தால் விசாரிக்காமல் வாங்கியவரின் சாக்கு. சொல் ஒன்றுதான், ஃபிரேம் ஒன்றுதான். எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில் அவரைப் பற்றிய ஒரு தீர்ப்பு இருக்கிறது. டைம்லைனில் இப்படி ஒரு பைட்டை இடம் மாற்றும்போது அது தீர்ப்பு என்றே தோன்றாது. இழுத்து விடுகிறோம், அவ்வளவுதான். தாளில் இரண்டு சீட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது நாம் செய்வது தெரியும்.

மூன்றாவது அடுக்கு ஒரு கேள்வியிலிருந்து தொடங்கட்டும்: தண்ணீர் ஏன் அந்த வீட்டுக்குள் வந்தது? முதல் சீட்டு அம்மாவுடையது. “ஃபிரிட்ஜ் மிதந்து வந்து கதவை அடைச்சுக்கிச்சு. தள்ளவும் முடியல, இழுக்கவும் முடியல.” ஒன்பது விநாடி. இரண்டாவது, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவர் கை காட்டுவது. மூன்றாவது பொறியாளர்: “செம்பாக்கம் நிரம்பினா நன்மங்கலம், கடைசியா பள்ளிக்கரணை. நடுவுல எங்க அடைச்சாலும் மேலதான் நிக்கும்.” இப்போது பார்ப்பவர் மனதில், அடைத்தது எது என்ற கேள்வி எழுகிறது. அதற்குப் பிறகுதான் பெரியவருக்கு வேலை. நெல், மதகு, கலங்கல் எல்லாம் இனி பழைய ஞாபகமாக இருக்காது. தண்ணீர் முன்பு எந்த வழியாகப் போனது என்பதற்கான சாட்சியமாகிவிடும். நான்கு நிமிட ஞாபகம் ஐம்பது விநாடியில் முடிந்தது, ஏனென்றால் அந்தக் கேள்விக்குத் தேவையானது அவ்வளவுதான்.

அடுக்கிக்கொண்டே வரும்போது ஓர் இடத்தில் கை நிற்கும். பெரியவர் பழைய வாய்க்காலைச் சொல்கிறார். ஓய்வுபெற்றவர் மனை வாங்கியதைச் சொல்கிறார். நடுவில் அந்த வாய்க்கால் எப்போது, எப்படிக் குறுகியது என்று ஆறு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. 4 மணி நேரப் பேச்சில் அது இல்லை. அங்கே ஒரு வெள்ளைச் சீட்டை வைத்து, என்ன வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். பேப்பர் எடிட்டின் மொத்த லாபத்தையும் இந்த வெள்ளைச் சீட்டிலேயே எடுத்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். டைம்லைனில் இல்லாத ஒன்று கண்ணுக்குத் தெரியாது. அடுத்த பைட் வந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும், இசை போட்டால் இடைவெளி மறைந்தும்விடும். படம் முடிந்து திரையிடும் நாளில் யாராவது எழுந்து கேட்பார்கள். வெள்ளைச் சீட்டு இருந்தால் மறுபடி செம்பாக்கம் போய் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டு வரலாம். கேட்கும்போது “வாய்க்கால் எப்பங்க குறுகுச்சு?” என்று கேட்காமல், “அந்த வாய்க்கால் முன்னாடி எவ்வளவு அகலம், இப்ப எவ்வளவுன்னு நடந்து காட்டிக்கிட்டே சொல்லுங்க” என்று கேட்டால் எழுவாயும் பதிலிலேயே வந்துவிடும், படமும் கிடைத்துவிடும்.

இன்னொரு ஓட்டை இதைவிட ஆபத்தானது. மேலே உள்ள அடுக்கு மிகவும் வழுக்கிக்கொண்டு போகிறது: வாய்க்கால் குறுகியது, வெள்ளம் வந்தது. ஆனால் 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அது எந்த வருடமும் பெய்யும் மழை அல்ல. வாய்க்கால் பழைய அகலத்தில் இருந்திருந்தாலும் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றிருக்கக்கூடும். நின்ற அளவும் நாட்களும் வேறாக இருந்திருக்கலாம் என்பதே நேர்மையான வாதம். பொறியாளர் தன் பேட்டியில் இதைச் சொல்லியிருப்பார், “அவ்வளவு மழைக்கு எந்தக் கால்வாயும் திணறத்தான் செய்யும், ஆனா…” என்று. அந்தப் பைட் கதையின் வேகத்தைக் குறைக்கும். அதனால் முதல் சுற்றிலேயே அது வெட்டுப்பட்டு உறைக்குள் போயிருக்கும். அதை வெளியே எடுத்து மேசையில் வைக்க வேண்டும். எடுத்தால், ‘ஆனா’ வரைக்கும் அல்ல, அதற்குப் பின்னால் உள்ளதையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

நினைவுகளை ஒன்றோடொன்று ஒத்துப்பார்ப்பதும் இங்கேதான். 2015 நவம்பர் நடுவிலும் சென்னையில் பெருமழை பெய்தது, டிசம்பர் 1ஆம் தேதியும் பெய்தது. பல வருடம் கழித்துப் பேசுபவருக்கு இரண்டும் ஒரே மழையாகிவிடக்கூடும். ஒருவர் தீபாவளியை ஒட்டி என்கிறார், இன்னொருவர் டிசம்பர் என்கிறார், படத்தில் இருவரும் ஒரே இரவைப் பற்றிப் பேசுவதுபோல அடுக்கிவிட்டோம் என்றால் அது பிழை. அந்த வருடத் தீபாவளி நவம்பர் 10. இந்த முரண் காதில் விழாது. இரண்டு சீட்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது கண்ணில் விழும்.

28 சீட்டும் இடத்தில் உட்கார்ந்ததும் அவற்றை இரண்டு பத்தி வடிவில் எழுத வேண்டும். வலப்பக்கம் கேட்பது, இடப்பக்கம் தெரிவது. வலப்பக்கம் நிரம்பியிருக்கும், இடப்பக்கத்தில் பல இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடங்கள்தான் அடுத்து எடுக்க வேண்டிய காட்சிகளின் பட்டியல். ஒரே ஆளின் பேச்சில் நடுவில் வெட்டிய இடத்துக்கு எதிரே படம் ஒன்று கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் முகம் திரையில் துள்ளும். ‘ஷோவா’வில் பேச்சின் பல பகுதிகள் படம் எடுத்த காலத்துக் காடு, ரயில் பாதை, புல்வெளி ஆகியவற்றின் மேல் ஓடுவது பார்த்தவர்களுக்குத் தெரியும். மறைப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவுக்குத் துணிச்சலும் வரும். இரண்டு வேறு பதில்களிலிருந்து அரை அரை வாக்கியம் எடுத்து ஒட்டி, மேலே கொக்கு பறக்கும் காட்சியைப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? எடிட் சூட்டில் இந்த ஆசை அடிக்கடி வரும். தாளில் ஒரு சீட்டுக்கு இரண்டு டைம்கோடு ஜோடி இருந்தால் அதைச் சிவப்பில் எழுதுவது ஒரு நல்ல கட்டுப்பாடு. சிவப்பு வரிகளை, பேசியவர் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தால் தலையாட்டுவாரா என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும்.

இப்போதுதான் டைம்லைன். எழுதிய வரிசையில் பைட்டுகளை மட்டும் அடுக்கி, காட்சி எதுவும் போடாமல், கண்ணை மூடிக் கேட்பது வழக்கம். ரேடியோ கட் என்று சொல்வார்கள். அரை நாளில் முடிந்துவிடும், ஏனென்றால் தேடுவதற்கு எதுவும் இல்லை, எண்களைத் தட்டினால் போதும். இந்தக் கேட்பில் தாளில் சரியாக இருந்த நான்கைந்து இடமாவது சாயும். ஓய்வுபெற்றவர் சொன்ன ஒரு நல்ல வாக்கியம் சலிப்பான குரலில் இருக்கும். பெரியவரின் வாக்கியம் தாளில் வெறும் தகவல், ஆனால் அதற்கு முன் அவர் ஆறு விநாடி பேசாமல் ஏரியைப் பார்த்திருப்பார். அந்த ஆறு விநாடி பிரதியில் இல்லவே இல்லை. அதை எழுதியிருக்க வேண்டும், அல்லது இப்போது நீட்ட வேண்டும். நீட்டினால் வேறெங்கோ ஆறு விநாடி போக வேண்டும். எங்கே என்று டைம்லைனில் தேடக் கூடாது. மறுபடி மேசைக்கு வந்து, சீட்டுகளைப் பார்த்து, ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும்.

பறவை பார்க்கும் மாணவி விஷயத்தில் தாளுக்கு வேலையே இல்லை. 40 நிமிடப் பேட்டியில் அவர் சொன்னவை எல்லாம் சாதாரணம். பைனாகுலரைக் கண்ணில் வைத்ததும் அவர் உடம்பு முழுதும் அசையாமல் நிற்பதும், பிறகு குறிப்பேட்டைத் தேடித் தடவி, கண்ணை எடுக்காமலே எழுதுவதும்தான் அவரைப் பற்றிய படம். நடப்பதைக் காட்டும் படங்களை எடுத்த ஃபிரெடெரிக் வைஸ்மன் போன்றவர்கள் பேட்டியே எடுக்காமல், ரஷ்ஷை நேராகப் பார்த்துப் பார்த்துப் படத்தொகுப்பு மேசையிலேயே படத்தைக் கண்டுபிடித்தார்கள். எழுத்துப் பிரதியில் அடங்காத பொருளுக்கு அதுவே வழி. நம் பேப்பர் எடிட்டில் மாணவிக்கு ஒரே ஒரு சீட்டுதான் இருக்கும். அதில் டைம்கோடும் இல்லை, முதல் மூன்று சொல்லும் இல்லை: ‘ஆறாவது நிமிடம், மாணவி, கரை, பேச்சு வேண்டாம், 40 விநாடி.’